மோர் தணிக்காத நீர்க்கடுப்பு

சித்திரை, வைகாசியில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவது புதிதல்ல. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். ஊறவைத்த வெந்தயத்தை மோரில் போட்டுக் குடிப்பார்கள், நுங்கு சாப்பிடுவார்கள், கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள், உச்சியில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். “சூடு பிடிச்சிருக்கு மதினி, ரெண்டு நாள் மோரக் குடிங்க, சரியாயிரும்” என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆறுதலும் வரும். பல தடவை அப்படியே சரியாகியும் விடும். சரியாகாத தடவைகளில்தான் ஆபத்து இருக்கிறது. அப்போதும் அதைச் சூடு என்றே நினைத்து மூன்று நாள், நான்கு நாள் பொறுத்திருந்துவிட்டு, நடுங்கும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களின் சிறுநீரகம் அதற்குள் தாக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இரண்டு. வெயில் கடுப்பு எது, கிருமித் தொற்று எது, தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியதன் அடையாளம் எது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது, “தண்ணீர் நிறையக் குடி” என்று பெண்ணிடம் சொல்லும் நாம், குடித்த தண்ணீரைக் கழிக்க அவளுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெயில் கடுப்பும் கிருமிக் கடுப்பும்

ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும் பூமி இது. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரிக்கும். குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும். இப்படியோர் ஊரில், வெயிலில் வேலை செய்யும் உடம்பு தண்ணீரில் பெரும்பகுதியை வியர்வையாக இழந்துவிடும். மிஞ்சும் சிறுநீர் கொஞ்சமாக, அடர்ந்து, தேயிலைச் சாறு நிறத்தில் வரும். போகும்போது லேசாக எரியும். இதுதான் வெயில் கடுப்பு. நீராகாரமோ மோரோ தண்ணீரோ ஏழெட்டு டம்ளர் உள்ளே போய், சிறுநீர் வெளுத்ததும், அரை நாளுக்குள் எரிச்சல் அடங்கிவிடும். நம் பாட்டிமார்களின் மோர் வைத்தியம் பலித்தது இந்தக் கடுப்பில்தான்.

கிருமிக் கடுப்பு வேறு. மலக்குடலில் இயல்பாகவே வாழும் ‘ஈ. கோலை’ என்ற பாக்டீரியா, சிறுநீர் வெளியேறும் துவாரத்தின் வழியே மேலே ஏறிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பெண்களுக்கு அந்த வழி சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 செ.மீ. மலத்துவாரமும் பிறப்புறுப்பும் பெண்களுக்கு மிக அருகருகே இருக்கின்றன. ஆகவே இந்தத் தொற்று பெண்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் உடலமைப்பு. ஒழுக்கமோ அசுத்தமோ அல்ல. தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது இயல்பு என்பதால் புதிதாக மணமான பெண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பிறகு அவ்விடத்துத் தோல் மெலிந்து காப்புக் குறைவதால் வயதான பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது.

தொற்றை அடையாளம் காண்பது கடினமல்ல. சிறுநீர் போகும்போது சுருக்கென்று எரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகத் தோன்றும். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அடக்க முடியாத அவசரம் இருக்கும். அடிவயிற்றில், பூப்பு எலும்புக்கு மேலே, வலிக்கும். சிறுநீர் கலங்கி நாறலாம், சில சமயம் ரத்தமும் கலந்து வரும். காய்ச்சல் இருக்காது. எரிச்சலோடு வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் அது சிறுநீர்ப்பை நோயாக இல்லாமல் பிறப்புறுப்பில் வந்த தொற்றாக இருக்கலாம்; அதற்கு மருந்தே வேறு. வெயில் கடுப்பையும் கிருமிக் கடுப்பையும் பிரிக்கும் எளிய சோதனை தண்ணீர்தான். ஒரு நாள் முழுக்கப் போதுமான அளவு குடித்து, சிறுநீர் வெளுத்த பிறகும் எரிச்சலும் அவசரமும் விடவில்லை என்றால் அது சூடல்ல, கிருமி. ரத்தம் கலந்து வந்தால் அந்த ஒரு நாளும் காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரர்களும் எந்தக் கடுப்புக்கும் காத்திருக்கக் கூடாது.

அடக்கிவைக்கும் பன்னிரண்டு மணி நேரம்

இந்தப் பகுதிப் பெண்ணின் ஒரு நாளைப் பார்த்தால் கிருமிக்கு ஏன் இவ்வளவு வசதி என்பது விளங்கும். விடியுமுன்பே இருட்டில் கருவேலங்காட்டுப் பக்கம் போய்வருகிறாள். பிறகு பருத்தி எடுக்கவோ மல்லிகை பறிக்கவோ களை வெட்டவோ போகிறாள். வெட்டவெளியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் போகலாம் என்றால் பாம்புக்கும் பயம், ஆட்களுக்கும் பயம். கரிமூட்டத்துக்கு வெட்டிவிட்டால் அந்த மறைவும் இல்லை. வீட்டில் கழிப்பறை கட்டியிருப்பவர்களிலும் சிலருக்குத் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டியிருப்பதால் அது விறகு அடுக்கும் இடமாகிவிடுகிறது. நகரத்தில் நூற்பாலையில் நிற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை இருக்கிறது, ஆனால் இயந்திரத்தை விட்டு நகர மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். இந்தப் பெண்கள் எல்லாரும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது.

அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறுநீர்ப்பைக்குள் ஆயிரம் கிருமிகள் நுழைந்துவிட்டன, அவை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் அவை எட்டாயிரமாகும். அப்போது சிறுநீர் போய்விட்டால் அவற்றில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிஞ்சியவற்றை உடம்பின் காப்புச் செல்கள் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் அடக்கிவைத்தால் அதே ஆயிரம், நாற்பது லட்சத்தைத் தாண்டிவிடும். உடம்புக்குள் கணக்கு இவ்வளவு நேராக இராது என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி கழுவி வெளியேற்றுவதுதான் சிறுநீர்ப்பையின் முதல் காவல் என்பதும், அந்தக் காவலைத்தான் இந்தப் பெண்கள் நாள் முழுக்க நிறுத்திவைக்கிறார்கள் என்பதும் அதில் தெரிகிறது.

தண்ணீர் உண்மையிலேயே தடுக்கிறதா என்பதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். பல்கேரியாவில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு அது. அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வழக்கத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஓராண்டுக்குக் குடிக்கவைத்தார்கள். கூடுதலாகக் குடிக்காதவர்களுக்கு அந்த ஆண்டில் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தது; குடித்தவர்களுக்கு 1.7 தடவை. ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது மருந்தல்ல, வெறும் தண்ணீர்.

ஒன்றரை லிட்டர் என்பது 200 மில்லி டம்ளரில் ஏழெட்டு டம்ளர். வெயிலில் உழைக்கும் பெண்ணுக்கு அதுவும் போதாது. வியர்வையில் போவதையும் ஈடுகட்ட வேண்டும். லிட்டர் கணக்குப் பார்ப்பதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது எளிது. வெளிர் மஞ்சளாக, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போகும் அளவுக்குக் குடித்தால் சரி. நீராகாரம், உப்பிட்ட மோர், கம்மங்கூழ் கரைசல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பதநீரும் சர்பத்தும் நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது. ஏற்கெனவே சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். இதயநோய், சிறுநீரகநோய்க்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

இதில் ஓர் எல்லையும் உண்டு. அந்த ஆய்வு காட்டியது தண்ணீர் தொற்றைத் தடுக்கும் என்பதைத்தான். வந்துவிட்ட தொற்றைத் தண்ணீர் மட்டுமே தீர்க்கும் என்று அது காட்டவில்லை. எரிச்சல் குறைய மருந்துக்கடையில் வாங்கும் சிட்ரேட் சிரப்பும் அப்படித்தான். சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது.

கிருமி மேலே ஏறினால்

திருச்சுழி ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் 38 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இது ஒருவரின் கதை அல்ல. இந்த நோய் வழக்கமாகப் போகும் பாதையை ஓர் ஆளின் மேல் ஏற்றிச் சொல்கிறேன்.

திங்கள்கிழமை எரிச்சலும் அடிக்கடி போகும் உந்துதலும் தொடங்குகின்றன. மோரும் வெந்தயமும் குடிக்கிறார். செவ்வாய்க்கிழமை எரிச்சல் குறைந்தபாடில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிறார், ஒதுங்க இடமில்லாததால் மறுபடியும் தண்ணீரைக் குறைக்கிறார். புதன்கிழமை மாலை வலப்பக்க முதுகில், கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி வலிக்கிறது. களை வெட்டிய வலி என்று தைலம் தேய்க்கிறார். இரவில் பல் கிட்டும் அளவுக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வருகிறது. வியாழக்கிழமை குமட்டல், வாந்தி. குடித்த மோரும் தங்கவில்லை. பக்கத்து ஊரில் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறார். காய்ச்சலும் வலியும் ஏழெட்டு மணி நேரம் அடங்குகின்றன. வெள்ளிக்கிழமை மயக்கத்தோடு ஆட்டோவில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவருகிறார்கள்.

திரும்பவேண்டிய இடம் புதன்கிழமை. சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி, சிறுநீரகத்தையும் பையையும் இணைக்கும் குழாய் வழியே மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. அதைக் காட்டும் அடையாளங்கள் மூன்று: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் குளிரோடு காய்ச்சல். விலாவுக்குக் கீழே ஒரு பக்க முதுகுவலி. குமட்டல் அல்லது வாந்தி. நீர்க்கடுப்போடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வேலை செய்த முதுகுவலி குனிந்தால் நிமிர்ந்தால் கூடும், படுத்தால் குறையும், காய்ச்சல் தராது. சிறுநீரக வலி எப்படிப் படுத்தாலும் விடாது. அந்த இடத்தில் கைமுட்டியால் லேசாகத் தட்டினாலே நோயாளி துடித்துப்போவார்.

வயதானவர்களுக்கு இந்த அடையாளங்கள் தெளிவாக இராது. எரிச்சலே சொல்லாமல் திடீரெனத் தடுமாறிப் பேசுவார்கள், சாப்பிட மாட்டார்கள், கீழே விழுவார்கள். காய்ச்சல்கூடப் பெரிதாக இராது. அதேசமயம் தடுமாற்றத்துக்கு வேறு காரணங்களும் பல உண்டு என்பதால் அதை வீட்டில் முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை ஊசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்காய்ச்சல் என்றதும் சிறுநீரைப் பரிசோதிக்காமல் போடப்படும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணி ஊசி, காய்ச்சலையும் வலியையும் மறைத்து ஒரு நாளைத் தின்றுவிடுகிறது. அது மட்டுமல்ல, வாந்தியாலும் வெயிலாலும் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த வகை மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கிறது. கிருமியோடு போராடும் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி அது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

மூச்சு வேகமாக வாங்குவது, கைகால் சில்லிடுவது, எழுந்தால் மயங்குவது, அரை நாளாகச் சிறுநீரே வராதது ஆகியவை கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதற்கான எச்சரிக்கை. அப்போது 108-ஐக் கூப்பிடுவதைத் தவிர வேறு யோசனை கூடாது. இந்த வறண்ட பூமியில் கல்லடைப்பும் அதிகம் காணும் நோய் என்பதால் இன்னொரு சேர்க்கையையும் நினைவில் வைக்க வேண்டும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்குச் சுருட்டி இழுக்கும் கல் வலியும் குளிர்காய்ச்சலும் ஒன்றாக வந்தால், கல்லுக்குப் பின்னால் சீழ் தேங்கியிருக்கலாம். அடைப்பை எடுத்துவிட்டு வடியச் செய்யாமல் எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. ஸ்கேனும் சிறுநீரகச் சிகிச்சை வல்லுநரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை

வெறும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு, ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு, சிகிச்சை எளிது. நைட்ரோஃப்யூரன்டாயின் மாத்திரை ஐந்து முதல் ஏழு நாள். அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி ஒரே ஒரு வேளை. மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முதல் மருந்தால் சிறுநீர் பழுப்பாக வரும், பயப்பட வேண்டாம். கிருமி மேலே ஏறியிருந்தால் இந்த இரண்டும் போதாது. நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில் சேர்கிறதே தவிர, சிறுநீரகத் திசுவுக்குள் தேவையான அளவு போவதில்லை. அப்போது ஊசி வழி மருந்தில் தொடங்கி, மொத்தம் ஏழு முதல் பதினான்கு நாள் வேறு மருந்து வேண்டும். சரியான மருந்து என்றால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடைப்போ சீழ்க்கட்டியோ இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

இங்கே நடப்பது வேறு. மருந்துக்கடையில் “யூரின் இன்ஃபெக்‌ஷன்” என்றால் நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ நாலு மாத்திரை கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவமனைகளிலிருந்து திரட்டும் விவரப்படி, சிறுநீரில் வளர்ந்த ஈ. கோலைக் கிருமிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிவதில்லை. நாலு மாத்திரையில் எரிச்சல் சற்றுக் குறையும். மசியாத கிருமிகள் மிஞ்சி மறுபடி பெருகும். இரண்டு மாதத்தில் திரும்பவும் கடைக்கு வரும் அதே பெண்ணுக்கு அதே மாத்திரையைக் கொடுத்துக் கிருமியை மேலும் பழக்கப்படுத்துகிறோம்.

யூரின் கல்ச்சர் என்ற பரிசோதனை எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடும். கர்ப்பிணி, நீரிழிவுக்காரர், காய்ச்சலோடு வருபவர், திரும்பத் திரும்பத் தொற்று வருபவர் எல்லாருக்கும் இது கட்டாயம். மாதிரி எடுப்பதில்தான் பிழை நேர்கிறது. பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமிநீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். முதல் வேளை மருந்துக்கு முன்பே பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். வெயிலில் பஸ்ஸில் வரும் மாதிரியில் கிருமி வழியிலேயே பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும்.

கர்ப்பிணிகளிடம் நிலைமை இன்னும் கூர்மையானது. அவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு எந்த எரிச்சலும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கும். மற்றவர்களுக்கு எரிச்சலில்லாத கிருமிக்கு மருந்து தேவையில்லை, கர்ப்பிணிக்குத் தேவை. கொடுக்காமல் விட்டால் அவர்களில் நாலில் ஒருவர் வரை சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகலாம், குறைமாதப் பிரசவமும் நேரலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணியின் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கல்ச்சர் பார்ப்பது வழக்கமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது.

செய்ய வேண்டியவை

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. ஒதுங்க ஓர் இடத்தைச் சொல்லவில்லை. வேலைக்கு வருபவர்களில் பெரும்பான்மை பெண்களாக இருந்த திட்டம் அது. கண்மாய்க் கரையிலும் வரத்துக்கால்வாயிலும் வேலை நடக்கும் இடத்தில் நான்கு கம்பும் தார்ப்பாயும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் மறைவு கிடைத்துவிடும். இதைத் தினமும் இடம் மாற்றி நட ஊராட்சிக்கு ஆகும் செலவு அற்பம். தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே கட்டாயம். ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் கழிப்பறை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கேட்காமல் போய்வர முடிகிறதா என்று தொழிலாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

திருச்சுழி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் எடுக்கும் மாதிரிகளை அன்றன்றே குளிர்பெட்டியில் சேகரித்து, 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஆய்வகம் உள்ள இடத்துக்கு ஒரு வண்டியில் அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகளின் முதல் வருகையிலேயே கல்ச்சர் எடுப்பதை அங்கிருந்தே தொடங்கலாம். 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர், நீரிழிவு மாத்திரை கொடுக்கும்போதே “நீர்க்கடுப்பு இருக்கா, குளிர்காய்ச்சல் உண்டா, விலாப்பக்கம் வலிக்குதா?” என்ற மூன்று கேள்விகளைப் பெண்களிடம் கேட்க வேண்டும். நீரிழிவுக்காரர் ஒன்றுக்கு ஆமென்றாலும், மற்றவர் இரண்டுக்கு ஆமென்றாலும் அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் அதேதான். மோர் கொடுக்கலாம், வெந்தயம் கொடுக்கலாம், ஒரு நாள் பார்க்கலாம். மறுநாளும் எரிந்தால் பரிசோதனை. குளிரெடுத்தாலோ விலாவில் வலித்தாலோ வாந்தி வந்தாலோ அந்த ஒரு நாளும் கிடையாது. அந்தப் பெண் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு வீட்டில் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கும்படி வைக்கக் கூடாது.